ரெண்டர் ஓடும்போது நொண்டிய லேப்டாப்

வீடியோ ரெண்டர் போட்டால் முதல் ஒரு நிமிடம் பறக்கும். அப்புறம் ஃபேன் இரைச்சல் ஏற ஏற வேலை நொண்டும். ரேம் போதவில்லை என்றார்கள் நண்பர்கள். சிப்பின் சூட்டையும் வேகத்தையும் காட்டும் HWiNFO ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ரெண்டரை ஓடவிட்டேன்.

கிளாக், அதாவது சிப்பின் வேகம், இறங்குவதெல்லாம் கோளாறு இல்லை. என் i7-9750H பிராசசரின் உச்ச டர்போ வேகம் 4.5 GHz என்றாலும், எல்லா கோரும் சேர்ந்து நெடுநேரம் உழைத்தால் 45 வாட் வரம்புக்குள் அடங்க 3 GHz பக்கம் வந்து நிற்கும், அது இயல்பு. எனக்கோ 2.2-க்கு விழுந்தது, அடிப்படை வேகமான 2.6-க்கும் கீழே. அந்த நேரத்தில் CPU Package Power 31 வாட்தான், வெப்பம் 97 டிகிரி, சூட்டால் வேகம் குறைக்கப்படுகிறதா என்று காட்டும் Thermal Throttling வரிசையில் Yes. வாட் வரம்பைத் தொடாமலே வேகம் சரிகிறதென்றால் காரணம் சூடுதான்.

அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினேன். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனைத் தனியே எடுத்த பிறகுதான் தெரிந்தது: ஹீட்சிங்க் தகடுகளின் வாயை அடைத்துக்கொண்டு கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படலம். வெளியிலிருந்து புளோயர் அடித்திருந்தால் அது ஃபேனுக்குள் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். கையால் உரித்து, மிச்சத்தை பிரஷ்ஷால் தட்டினேன். ஃபேனுக்குக் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

மறுபடி அதே ரெண்டர். 2.7 GHz வந்தது, ஆனால் Yes போகவில்லை. லோடு விழுந்த நொடியிலேயே வெப்பம் 90-ஐத் தாண்டியது. ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிடப் பத்து டிகிரி அதிகம். காற்றோட்டம்தான் பிரச்சினை என்றால் சூடு மெல்ல ஏறும். இப்படி நொடியில் பாய்ந்தால், சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் எண் போட்டிருக்கும். தலைகீழ் வரிசையில் தளர்த்தினேன். சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, சிப் முழுவதும் மெல்லிய படலமாகப் புதுசைத் தடவினேன். லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்தக் கோர் தகிக்கும். நீர்த்த பேஸ்ட் சீக்கிரம் வெளியே பிதுங்கிவிடும் என்பதால் கெட்டியானதாகவே வாங்கியிருந்தேன். தெர்மல் பேடுகளைத் தொடவில்லை. தடிமன் மாறினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. எண் வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

ஃபேன் கர்வ் கடைசி. கம்பெனி அமைப்பில் 70 டிகிரி வரை ஃபேன் தூங்கும், அப்புறம் திடீரென்று அலறும். லேப்டாப்போடு வந்த ஆப்பில் 55-க்கு 40 சதவீதம், 75-க்கு 70, 85-க்கு முழு வேகம் என்று சரிவாக்கினேன்.

இப்போது 86 டிகிரி, 45 வாட், 3.1 GHz. Yes இப்போது Power Limit வரிசைக்கு மாறிவிட்டது. இனி எவ்வளவு குளிரவைத்தாலும் கிளாக் பெரிதாக ஏறாது. சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து அண்டர்வோல்ட் செய்யலாம்தான், ஆனால் 2019-இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் அதைப் பூட்டிவிட்டது, என்னுடையதிலும்.