வேற்றுமைப் பாடத்தின் மெய்ப்பு: கொழிஞ்சாம்பாறைக் குறிப்புகள்

ஜூலை 8

பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான வேற்றுமைப் பாடத்தின் மெய்ப்பு இன்று கைக்கு வந்தது. எழுத்துப்பிழைகளைத் தேடுவதற்கு முன்பாகப் பாடம் முழுவதையும் ஒருமுறை படித்து, அதில் வரும் இலக்கணச் சொற்களை மட்டும் பக்க எண்ணோடு ஒரு தனித்தாளில் எழுதிக்கொண்டேன். வரிவரியாகத் திருத்தும்போது ஒவ்வொரு வரியும் சரியாகவே தோன்றும்; சொற்கள் ஒன்றோடொன்று முரண்படுவது இப்படித் தனியே எடுத்து வைத்தால்தான் கண்ணில் படும்.

விளக்கத்தில் ‘முதல் வேற்றுமை’ என்று இருப்பது அடுத்த பக்கத்தில் ‘எழுவாய் வேற்றுமை’ ஆகி, பயிற்சியில் வெறும் ‘எழுவாய்’ என்று சுருங்கிவிட்டது. முதல் இரண்டும் ஒன்றே. மூன்றாவதான ‘எழுவாய்’ தொடரின் ஓர் உறுப்பைக் குறிப்பது. பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றோடு சேர்த்து அதைப் படித்த பிள்ளை, இங்கே எதைக் கேட்கிறார்கள் என்று திகைக்கும். அதேபோல ‘உருபு’ என்று வரவேண்டிய ஓரிடத்தில் ‘விகுதி’ என்று அச்சாகியிருக்கிறது. விகுதி என்பது ‘நடந்தான்’ என்பதில் வரும் ஆன் போன்ற பகுபத உறுப்பு; பெயரோடு சேர்ந்து அதன் பொருளை வேறுபடுத்தும் ஐ, ஆல், கு ஆகியவை உருபுகள். முதலில் வரும் இடத்தில் ‘முதல் வேற்றுமை (எழுவாய் வேற்றுமை)’ என்று இரண்டையும் கொடுத்து, அதன்பின் எண்ணுப்பெயரையே பாடம் முழுவதும் ஆளுவது என்று தாளின் தலைப்பில் எழுதி வைத்தேன். எட்டாம் வேற்றுமைக்கும், விளி வேற்றுமை என்ற பெயருக்கும் இதே முறைதான்.

ஜூலை 9

“எட்டு வேற்றுமைகளின் உருபுகளையும் எழுதுக” என்று ஒரு வினா. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை. எட்டாம் வேற்றுமைக்கும் தனி உருபு கிடையாது. கண்ணன் ‘கண்ணா’ ஆவதுபோல ஈறு திரிந்தோ, ‘மகளே’ என்று ஈற்றில் எழுத்து மிகுந்தோ, வேறு வகையிலோ அழைத்தல் பொருள் தோன்றும். “இரண்டு முதல் ஏழு வரையிலான வேற்றுமைகளுக்கு உரிய உருபுகளை எழுதுக” என்று மாற்றினேன். பாடத்தைக் கவனித்துப் படித்த பிள்ளைதான் பழைய வினாவில் அதிகம் தடுமாறியிருக்கும்.

ஜூலை 11

இன்று முழுவதும் கோடிட்ட இடங்களில் போயிற்று. “பொருத்தமான உருபை எழுதுக” என்ற கட்டளையின் கீழ் ‘மரம்____ வெட்டாதே’ என்று இருக்கிறது. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஐ என்று எழுதினால் கிடைப்பது ‘மரம்ஐ’. எதிர்பார்க்கும் விடையோ ‘மரத்தை’. அங்கே மகரம் கெட்டு அத்துச் சாரியை வரவேண்டும். ‘வீடு’ என்பது ‘வீட்டை’ ஆகும்போது டகரம் இரட்டிக்கிறது. ‘கத்தி’ என்பது ‘கத்தியால்’ ஆகும்போது யகர உடம்படுமெய் நுழைகிறது. ஆகவே பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்து, சொல் முழுவதற்கும் இடம் விட்டேன்: “அடைப்புக்குறிக்குள் உள்ள பெயருடன் ஏற்ற வேற்றுமை உருபைச் சேர்த்து, முழுச்சொல்லையும் எழுதுக.” மாதிரியாக ஒரு தொடரை நிரப்பியும் காட்டினேன்: (மரம்) மரத்தை வெட்டாதே.

இதைவிட அதிக நேரம் எடுத்தது இன்னொரு தொடர். ‘நான் பாட்டி____ ஊருக்குச் சென்றேன்’ என்பதற்கு விடைக்குறிப்பு ‘ஓடு’ என்கிறது. ‘பாட்டியுடைய ஊருக்கு’ என்று எழுதும் பிள்ளையை எந்த நியாயத்தால் தவறு என்பது? ‘பாட்டிக்காக ஊருக்கு’ என்றாலும் தொடர் நிற்கிறது. ‘பாட்டி____ பேசிக்கொண்டே சென்றேன்’ என்று மாற்றிப் பார்த்தேன். ‘பாட்டியிடம்’ என்பதும் அங்கே பொருந்திவிடுகிறது. கடைசியில் ‘தம்பி (பாட்டி) ______ சேர்ந்து நடந்தான்’ என்று அமைத்தேன். ‘சேர்ந்து’ என்ற சொல் உடனிகழ்ச்சிப் பொருளைத் தவிர மற்றவற்றைத் தடுக்கிறது. ‘பாட்டியுடன்’ என்று வந்தாலும் மூன்றாம் வேற்றுமையே என்பதால், இரண்டையும் ஏற்கலாம் என்று விடைக்குறிப்பில் சேர்த்தேன். கோடிட்ட இடம் ஒவ்வொன்றிலும் எல்லா உருபுகளையும் வைத்துப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடக் கூடாது.

ஜூலை 12

‘இன்’ என்பதுதான் இப்பாடத்தின் முள். அட்டவணையில் அது ஐந்தாம் வேற்றுமை உருபு. ஆறாம் வேற்றுமைக்கு அது, ஆது, அ என்று அட்டவணை சொல்ல, எடுத்துக்காட்டோ ‘முருகனின் வீடு’ என்று இருக்கிறது. இன்றைய எழுத்தில் உடைமைப் பொருளுக்கு இன் வருவது இயல்பு. மரபிலக்கணம் அந்த இன் என்பதைச் சாரியையாகக் கொண்டு, அது என்னும் உருபு தொக்கு நிற்பதாகச் சொல்லும். ஏழாம் வகுப்பில் அவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. எடுத்துக்காட்டை ‘முருகனது வீடு’ என்று மாற்றி, சொல்லுருபாக ‘உடைய’ என்பதைக் காட்டி, ‘முருகனின் வீடு’ என்று எழுதுவதும் இன்று வழக்கில் உள்ளது என்று ஒரே வரி சேர்க்கலாம் எனக் குறித்தேன்.

‘இல்’ என்பதற்கும் இதே கவனம் வேண்டும். அது ஐந்திலும் வருகிறது, ஏழிலும் வருகிறது. உருபைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொன்னால் விடை கிடைக்காது. பொருளைப் பார்க்க வேண்டும். ‘மரத்தில் ஏறினான்’ என்பது இடம், ‘மரத்திலிருந்து இறங்கினான்’ என்பது நீங்கல். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தேன். ‘கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்து சென்றது’ என்ற தொடரையும் சேர்த்தேன். ஐந்தும் நான்கும் ஒரே தொடரில் இருப்பதால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

ஜூலை 14

பக்கத்துப் பள்ளியில் கற்பிக்கும் டீச்சர் வந்திருந்தார். பயிற்சியைப் படித்துவிட்டு, “சார், மூன்றாம் வேற்றுமைன்னு கேட்டா நம்ம பிள்ளைங்க ரெண்டு விடை சொல்றாங்க. மலையாளம் வகுப்புல அவங்களுக்கு ஆல் அஞ்சாவதா வருது” என்றார். அவர் சொன்னது மிகவும் முக்கியமானது. மலையாள இலக்கண நூலான கேரளபாணினீயத்தின் வகைப்பாட்டில் வேற்றுமை ஏழு; மூன்றாவதான ஸம்யோஜிகைக்கு ஓடு, ஐந்தாவதான பிரயோஜிகைக்கு ஆல். நம் பாடத்திலோ ஆல், ஓடு இரண்டும் மூன்றாவதில் அடங்கும். எண்ணை மட்டும் கேட்கும் வினா இந்த எல்லைப்புறத்துப் பிள்ளைக்கு இலக்கணச் சோதனையாக இருக்காது. எந்த வகுப்பில் கேட்டதை நினைவில் வைத்திருக்கிறது என்ற சோதனையாகிவிடும். எனவே எண் வரும் வினாக்களில் பொருளையும் சேர்த்தேன்: “கருவிப் பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமைத் தொடர் ஒன்று எழுதுக.” ஆசிரியர் குறிப்பில் மலையாள வரிசையோடு உள்ள இந்த வேறுபாட்டைச் சொல்ல இடம் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 17

இரண்டாம் மெய்ப்பு. ‘பாலை குடித்தான்’ என்று எடுத்துக்காட்டிலேயே ஒற்று விடுபட்டிருந்தது. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு வருமிடத்தில் வல்லினம் மிகும், ‘பாலைக் குடித்தான்’ என்பதே சரி. ‘பால் குடித்தான்’ என்ற தொடரைப் பயிற்சியிலிருந்து நீக்கச் சொன்னேன்; அங்கே உருபு தொக்கிருக்கிறது, தொகைநிலைத் தொடர் இவர்களுக்கு இன்னும் வரவில்லை.

கட்டளைகளில் ‘எழுதுக’, ‘எழுதவும்’, ‘எழுதுங்கள்’ மூன்றும் கலந்திருந்ததை ‘எழுதுக’ என்று ஒன்றாக்கினேன். “வேற்றுமையைக் கண்டறிக” என்பதை “உருபு ஏற்ற சொல்லை அடிக்கோடிட்டு, அது எத்தனையாம் வேற்றுமை என எழுதுக” என்று விரித்தேன். கட்டளை ஒரு பக்கத்தின் அடியிலும் வினாக்கள் மறுபக்கத்திலும் பிரிந்து நின்றதை அச்சகத்தாருக்குச் சுட்டியிருக்கிறேன். வினாக்கள் மாறியதால் விடைக்குறிப்பின் வரிசை எண்களும் மாற வேண்டும். அதை மட்டும் நாளை சரிபார்த்து அனுப்புவேன்.