அந்தக் கட்டத்தில் 8 போட்டுப் பாருங்கள்

கடன் வாங்கி ஒரு கம்பெனியையே வாங்குகிற எல்.பி.ஓ. ஒப்பந்தங்களுக்கு எக்செல் மாடல் போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. வாங்குகிறவர்கள் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பார்கள். மாடல் சென்னையில் எங்கள் மேசையில் தயாராகும். புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் முதலில் ஒரு சின்ன மாடலைத்தான் கொடுப்பேன். கட்டணங்கள், பல அடுக்குக் கடன்கள் எதுவும் அதில் கிடையாது. லாபம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க அது போதும்.

ஒரு கம்பெனியின் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம், வருடத்துக்கு 100 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனியை எபிட்டாவின் 8 மடங்கு விலைக்கு, 800 மில்லியனுக்கு வாங்குகிறோம். அதில் 500 கடன், 300 நம் சொந்தப் பணம். கடனுக்கு வட்டி 8 சதவீதம். எபிட்டா வருடம் 5 சதவீதம் வளர்கிறது. இயந்திரம், பராமரிப்பு என்று வருடம் 20 செலவு. தேய்மானமும் அதே 20. வரி 25 சதவீதம்.

முதல் வருடம் எபிட்டா 105. வட்டிக்கு 40 போகிறது. தேய்மானத்தையும் கழித்தால் வரிக்கு உட்பட்ட லாபம் 45, வரி 11.25. முதலீட்டுச் செலவு 20 போக, கையில் நிற்பது 33.75. அந்தப் பணம் முழுக்க அசலுக்குப் போகிறது. அடுத்த வருடம் கடன் குறைந்திருப்பதால் வட்டியும் குறையும், லாபமும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஆகவே அசலுக்கு 39.7 போகும். ஐந்தாம் வருடம் அது 61 ஆகிவிடும். கடைசியில் 500 கடன் சுமார் 266 ஆகக் குறைந்து நிற்கும்.

இப்போது எபிட்டா 127.6. வாங்கிய அதே 8 மடங்குக்கு விற்றால் 1,021 கிடைக்கும். கடனைக் கழித்தால் நம் பங்கு 755. போட்ட 300, ஐந்து வருடத்தில் இரண்டரை மடங்கு. ஐ.ஆர்.ஆர்., அதாவது போட்ட பணம் வருடாவருடம் கூட்டு விகிதத்தில் வளர்ந்த வேகம், 20.3 சதவீதம். இதே கம்பெனியைக் கடனே இல்லாமல் 800-ம் கைப்பணத்தில் வாங்கி, வருகிற பணத்தை விற்கும்வரை கம்பெனியிலேயே சேர்த்து வைத்திருந்தால் 1.7 மடங்கும் சுமார் 11.5 சதவீதமும்தான் வரும். கம்பெனி அதே கம்பெனிதான், வாங்கிய விதம் மட்டும்தான் வேறு.

கிடைத்த 455 மில்லியன் லாபத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எபிட்டா வளர்ந்ததால் வந்தது 221. கடன் அடைந்ததால் வந்தது 234. மல்டிபிள், அதாவது எபிட்டாவுக்கு எத்தனை மடங்கு விலை என்பது, மாறவே இல்லை, அதனால் அந்தப் பக்கம் பூஜ்யம். பாதிக்கு மேற்பட்ட லாபம் சத்தமில்லாமல் வருடாவருடம் அடைந்த அசலிலிருந்து வந்திருக்கிறது. கம்பெனி வளரவே வளராமல் 100-லேயே நின்றாலும் கடன் 331 ஆகக் குறையும். 8 மடங்குக்கு விற்றால் 9 சதவீதத்துக்கு மேல் தேறும். கடன் அடைப்பை நான் இந்தத் தொழிலின் நேர்மையான பகுதி என்று நினைப்பது இதனால்தான். அந்தப் பணத்தைக் கம்பெனி உண்மையிலேயே சம்பாதித்தாக வேண்டும்.

விற்கும்போது கிடைக்கும் மல்டிபிளின் கதை வேறு. அதே மாடலில் அதை 9 ஆக்கினால் ஐ.ஆர்.ஆர். 24 சதவீதத்துக்கு ஏறும். 7 ஆக்கினால் 16-க்கு இறங்கும். 6 என்றால் 11-க்கும் கீழே. ஒரே ஒரு மடங்கு மாறினால் 127.6 மில்லியன் போகிறது அல்லது வருகிறது. நாம் போட்ட 300-இல் அது ஐந்தில் இரண்டு பங்குக்கும் அதிகம். ஐந்து வருடம் பாடுபட்டு அடைத்த அசலில் பாதிக்கு மேல், சந்தை ஒரு மடங்கு இறங்கினால் காணாமல் போய்விடும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கோப்பு வந்தது. வாங்கும் விலை 8 மடங்கு, விற்கும் விலை 9.5 என்று போட்டிருந்தார்கள். பின்னால் மூன்று பக்கக் காரணம்: கம்பெனி பெரிதாகிவிடும், பெரிய கம்பெனிக்குச் சந்தை கூடுதல் விலை கொடுக்கும், இப்படி. எங்கள் மேலாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டவே இல்லை. "முதலில் அந்தக் கட்டத்தில் 8 போட்டுப் பாருங்கள். அதுக்கப்புறம் பேசலாம்" என்றார். போட்டதும், கம்பெனியை வாங்குகிற ஃபண்ட் எதிர்பார்க்கிற குறைந்தபட்ச வருமானத்துக்குக் கீழே வந்துவிட்டது. என் சின்ன மாடலில் 9.5 போட்டால் 20.3 என்பது 25.8 ஆகும். விலை கட்டுப்படியாகாதபோது எங்கே கை வைக்கத் தோன்றும் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. மற்ற எண்களுக்கெல்லாம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பிடி இருக்கும். ஐந்து வருடம் கழித்து வருகிற விலைக்கு எந்தப் பிடியும் இல்லை.

கடன் அடைப்பு நேர்மையானது என்றேன். ஆனால் அதைக் கணக்கிடும் வரியை நம்பிவிடக் கூடாது. அசல் அடைக்கும் வரிசையில் பெரும்பாலும் இந்த மாதிரி சூத்திரம் இருக்கும்:

```
=MIN(C8,C15)
```

C8 தொடக்கக் கடன், C15 கையில் மிஞ்சும் பணம். நல்ல வருடத்தில் பிரச்சினை இல்லை. விற்பனை விழுந்து C15 மைனஸில் போனால், சூத்திரமும் மைனஸைக் கொடுக்கும். கடன் தானாக ஏறும். அதாவது நெருக்கடியில் இருக்கும் கம்பெனிக்கு வங்கி கேள்வி கேட்காமல் மேலும் கடன் கொடுத்துவிட்டதாக மாடல் எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஐ.ஆர்.ஆர். மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆகவே `=MAX(0,MIN(C8,C15))` என்று எழுதி, பற்றாக்குறையைத் தனி வரியில் காட்டச் சொல்வேன். அந்த வரியில் ஒரு எண் வந்தால், உண்மையில் அங்கே நிற்பது கடன் மறுசீரமைப்பு அல்லது திவால்.

2007-இல் டெக்சஸின் டி.எக்ஸ்.யு. மின் நிறுவனத்தை கே.கே.ஆர்., டி.பி.ஜி., கோல்ட்மேன் சாக்ஸ் தரப்பினர் சுமார் 4,500 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அங்கே மின்சார விலை இயற்கை எரிவாயு விலையோடு சேர்ந்து நகரும். ஷேல் எரிவாயு வந்து எரிவாயு விலை விழுந்ததும், அசலை அடைக்க வேண்டிய பணமே வரவில்லை. 2014 ஏப்ரலில் அது திவால் மனு கொடுத்தபோது 4,000 கோடி டாலருக்கு மேல் கடன் இருந்தது.

வட்டி விஷயத்துக்கு வருகிறேன். 8 சதவீத வட்டியை 11 ஆக்கினால் அடையும் அசல் 234-இலிருந்து 178 ஆகக் குறையும், ஐ.ஆர்.ஆர். 20.3-இலிருந்து 18.4-க்கு வரும். 'இவ்வளவுதானே' என்று தோன்றும். ஆனால் வட்டி ஏறும் காலத்தில் நம்மிடம் வாங்க வருகிறவரும் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். அவருக்கு 500 கடன் கிடைத்த இடத்தில் இனி 400 தான் கிடைக்கும் என்றால், அவர் கொடுக்கும் விலையும் இறங்கும். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சிலிருந்து, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியபோது இது நடந்தது. கையில் இருந்த கம்பெனிகளை எதிர்பார்த்த விலைக்கு விற்க முடியாமல் பல ஃபண்டுகள் வருடக்கணக்கில் காத்திருந்தன. காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் ஐ.ஆர்.ஆர். தேய்ந்துகொண்டே போகும்.

மாடலில் வட்டியும் மல்டிபிளும் வெவ்வேறு தாளில், வெவ்வேறு கட்டத்தில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது. அதனால் தனித்தனியாக மாற்றிப் பார்த்து இரண்டும் தாங்கும் என்று சொல்லிவிட முடிகிறது. நான் 11 சதவீத வட்டியையும் 7 மடங்கு விலையையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்ப்பேன்: 13.7 சதவீதம். முதலீட்டுக் குழுவுக்குப் போகும் முதல் பக்கத்தில் அந்த வரியும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். சில நேரம் மறுத்துவிடுகிறார்கள், அப்போதும் கேட்கிறேன்.