"இன்றிரவு ரயில் ஏற வேண்டாம்": ஒரு நேர்காணலைத் தள்ளிவைத்த அனுபவம்

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. மதியம் 12.40 மணிக்கு ஆலைத் தலைவர் என்னை அழைத்தார். மறுநாள் காலை வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள் என்றும், புதன்கிழமை நேர்காணல் எதிலும் தன்னால் உட்கார முடியாது என்றும் சொன்னார். கோவையில் வார்ப்படம் செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் காலை 10.30 மணிக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணிக்கு ஒருவர் வருவதாக இருந்தது. அவர் வருவது நாகர்கோவிலிலிருந்து. அன்றிரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் கிளம்பும் கோவை ரயிலில் அவருக்குப் படுக்கை வசதிச் சீட்டு உறுதியாகியிருந்தது. சீட்டின் நகலை இரண்டு நாள் முன்னரே எனக்கு அனுப்பியிருந்தார்.

நான் முதலில் எழுதிய மின்னஞ்சல் மூன்று வரிதான். "தவிர்க்க இயலாத காரணங்களால் நாளைய நேர்காணல் ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி விரைவில் தெரிவிக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." எங்கள் அலுவலகத்தில் காலங்காலமாக இப்படித்தான் எழுதுவோம். அனுப்பும் முன் கை நின்றுவிட்டது. இரண்டு மாதம் முன்பு இதே மூன்று வரியை இன்னொருவருக்கு அனுப்பியிருந்தேன். அவர் பதிலே போடவில்லை. புதிய தேதி சொன்னபோதும் வரவில்லை. அவரை எங்களிடம் அனுப்பிய ஆள்சேர்ப்பு முகவரிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த இடத்துக்கு உள்ளிருந்தே ஒருவரைப் போட்டுவிட்டார்கள், அதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டாராம். தேதி இல்லாத ஒத்திவைப்பை வேலை தேடுகிறவர் மறுப்பாகத்தான் படிப்பார். அப்படிப் படிப்பதில் தவறும் இல்லை; பல நிறுவனங்கள் அந்தப் பொருளில்தான் அதை எழுதுகின்றன.

ஆகவே எழுதுவதை நிறுத்திவிட்டு, இந்த மாற்றத்தால் அவருக்கு என்னவெல்லாம் நட்டம் என்று ஒரு தாளில் குறித்தேன். ரயில் சீட்டு, விடுப்பு, நம்பிக்கை என்று மூன்று வந்தன.

சீட்டு விஷயத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதைய ரயில்வே விதிப்படி, உறுதியான சீட்டை ரயில் புறப்படுவதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். 12 மணி நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் இடையில் என்றால் பாதிதான். 4 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் ஒன்றும் கிடையாது. காலை பத்து நெருங்கும் முன்பே சொல்லியிருந்தால் அவர் முதல் வகையில் இருந்திருப்பார். இப்போது பாதி போய்விட்டது. மாலை ஆறு நெருங்கிவிட்டால் முழுவதும் போகும். ஆலைத் தலைவருக்குத் தணிக்கைச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று பிறகு கேட்டேன். காலை ஒன்பதுக்கே வந்துவிட்டதாம். அந்த மூன்றரை மணி நேரம் எங்கள் கையில் இருந்தது. நாங்கள்தான் அதை வீணாக்கினோம்.

அடுத்தது விடுப்பு. அவர் வேறொரு ஆலையில் வேலையில் இருக்கிறார். புதன்கிழமைக்கு ஒருநாள் விடுப்பு சொல்லியிருக்கிறார்; வேலை மாறப் பார்ப்பது அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் அலுவலக நேரத்தில் சட்டென்று அழைத்து "உங்கள் நேர்காணல் விஷயமாக" என்று நான் பேச முடியாது. பக்கத்தில் அவருடைய மேலாளரே நிற்கலாம். நிறுவனத்தின் பெயர் இல்லாமல், "நாளைய பயணம் பற்றி அவசரமாகப் பேச வேண்டும், வெளியே வந்ததும் அழைக்க முடியுமா?" என்று மட்டும் குறுஞ்செய்தி அனுப்பினேன்.

இதற்கிடையில் ஒரு தவறு நடந்துவிட்டது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, நேர்காணல் இல்லை என்று காதில் விழுந்ததும் நாட்காட்டி அழைப்பை நீக்கிவிட்டார். "Canceled event" என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் எதிர்முனைக்குப் போய்விட்டது. விளக்கம் எதுவும் அதில் இல்லை. அழைப்பை நீக்காமல் அதிலேயே தேதியைத் திருத்தியிருந்தால் "Updated invitation" என்று போயிருக்கும். வேலை தேடுகிறவருக்கு இந்த இரண்டு தலைப்புகளும் ஒன்றல்ல.

ஒன்றேகாலுக்கு அவர் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. "அந்த இடம் நிரம்பிவிட்டதா, மேடம்?" என்றுதான் முதலில் கேட்டார். தானியங்கி அஞ்சலை அதற்குள் பார்த்துவிட்டார். இல்லை என்று சொல்லி, காரணத்தையும் சொல்லி, பாதிப் பணமாவது கிடைக்க ஐந்தரை மணிக்குள் சீட்டை ரத்து செய்துவிடுங்கள், போகிற பணத்தை நாங்கள் தருகிறோம், விவரம் அரைமணி நேரத்தில் எழுத்தில் வரும் என்றேன். வாய்வார்த்தையை அவர் முழுதாக நம்பியிருக்க மாட்டார். அதனால்தான் எழுதிய அஞ்சல் முக்கியமாயிற்று.

அரைமணி நேரம் என்று சொல்லிவிட்டேனே தவிர, எழுதுவதற்கு முன் இரண்டு பேரிடம் போக வேண்டியிருந்தது. கணக்குப் பிரிவில், நேர்காணலுக்கு வந்தவருக்குத்தான் பயணப்படி, வராதவருக்கு எந்தத் தலைப்பில் கொடுப்பது என்றார்கள். வர வேண்டாம் என்று சொன்னது நாம்தானே என்றேன். நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குப் பத்து நிமிடம் பேசி, ஆள்சேர்ப்புச் செலவு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அடுத்து ஆலைத் தலைவரிடம், "இவரைப் பார்க்கும் வரை வேறு யாரையும் முடிவு செய்ய மாட்டோம் என்று எழுதலாமா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை இன்னொருவர் வருகிறார், அப்படி வாக்குக் கொடுக்காதே என்றார். எழுதியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் பொய்யாகியிருக்கும். எல்லோரையும் பார்த்த பிறகு 26ஆம் தேதிதான் முடிவு என்பது மட்டும் உறுதி என்றார். அதை எழுதினேன்.

நாங்கள் அலுவல் அஞ்சல்களை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். அவருக்கு நான் எழுதிய அஞ்சல் தமிழில் சொன்னால் இதுதான். அவருடைய தனிப்பட்ட முகவரிக்கு 1.50க்குப் போனது. கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால், செய்ய வேண்டியதை அங்கேயே வைத்தேன்.

தலைப்பு: இன்றிரவு பயணம் வேண்டாம் – நேர்காணல் சனிக்கிழமைக்கு மாறுகிறது

"வணக்கம். தொலைபேசியில் சொன்னபடி, நாளை (19, புதன்) காலை 10.30 நேர்காணல் நடைபெறாது. தயவுசெய்து இன்றிரவு ரயில் ஏற வேண்டாம். உங்களிடம் தொழில்நுட்பக் கேள்விகள் கேட்க வேண்டிய எங்கள் ஆலைத் தலைவர், நாளை வாடிக்கையாளர் தணிக்கையில் இருக்க வேண்டியதாகிவிட்டது. அவர் இல்லாமல் நடத்தினால் நீங்கள் இரண்டாம் முறை வர வேண்டியிருக்கும் என்பதால் மாற்றுகிறோம். இவ்வளவு தாமதமாகச் சொல்வது எங்கள் தவறு, மன்னிக்கவும்.

உங்கள் விண்ணப்பம் அப்படியே இருக்கிறது. சற்றுமுன் வந்த ரத்து அறிவிப்பு எங்கள் பக்கத்துப் பிழை, பொருட்படுத்த வேண்டாம். இந்தப் பணிக்கான முடிவு எல்லோரையும் சந்தித்த பிறகு 26ஆம் தேதி எடுக்கப்படும்.

ஆலைத் தலைவரிடம் உறுதி செய்த இரண்டு நேரங்கள்: 22, சனி காலை 11 மணி, ஆலையில் நேரில். அல்லது 20, வியாழன் இரவு 7.30, காணொளியில்; அது சரியாக அமைந்தால் ஆலையைப் பார்க்க மட்டும் பிறகு ஒருநாள் வந்தால் போதும். இரண்டும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு ஏற்ற நேரத்தைச் சொல்லுங்கள். நாளை மாலைக்குள் பதில் போதும்.

ரத்தான சீட்டில் பிடிக்கப்படும் தொகையை நாங்கள் தருகிறோம். ரத்து விவரத்தின் படத்தை அனுப்பினால் மூன்று வேலைநாளில் உங்கள் கணக்குக்கு வரும். சனிக்கிழமை வருவதானால் தட்கல் சீட்டு அல்லது பேருந்துக் கட்டணமும் எங்களுடையது."

கீழே என் பெயரும், அலுவலக எண்ணோடு என் கைப்பேசி எண்ணும்.

இரண்டு நேரங்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை அவருக்கு வாராந்திர ஓய்வு என்று விண்ணப்பம் பற்றிப் பேசியபோதே சொல்லியிருந்தார். வியாழன் இரவு வேலை முடிந்து வீட்டில் இருப்பார். எதற்கும் இன்னொரு விடுப்பு வேண்டாம். "உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்" என்று மட்டும் விட்டிருந்தால் பணிவாகத் தெரியும். ஆனால் அவர் ஒரு நேரம் சொல்லி, அது எங்களுக்கு ஒத்துவராமல், மறுபடி கேட்டு என்று இன்னும் இரண்டு நாள் போயிருக்கும். தட்கல் வரியும் அப்படித்தான். வெள்ளி இரவு ரயிலில் அந்த வாரம் சாதாரணச் சீட்டு கிடைக்காது. வியாழன் காலை 11 மணிக்குப் படுக்கை வகுப்புத் தட்கல் திறக்கும்போது முயன்றால்தான் உண்டு. அதற்கு அவர் கூடுதல் பணம் கட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் சனிக்கிழமை வாருங்கள் என்பது பாதி அழைப்புதான்.

"தவிர்க்க இயலாத" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். காரணத்தைச் சொன்ன பிறகு அந்தச் சொல் தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் யார் என்று சொல்லவில்லை. அது வெளியே சொல்லக்கூடாதது. மன்னிப்பை ஒரே ஒரு முறை கேட்டேன். முதல் வரைவில் மூன்று இடத்தில் இருந்தது. அத்தனை முறை கேட்டால் அவர்தான் "பரவாயில்லை மேடம்" என்று எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

மாலை நாலரைக்குப் பதில் வந்தது. சீட்டை ரத்து செய்துவிட்டதாகவும் சனிக்கிழமை நேரில் வருவதாகவும் எழுதி, படத்தை இணைத்திருந்தார். பணத்தை வியாழக்கிழமையே அனுப்ப வைத்தேன். தட்கல் கிடைக்காமல் அரசுப் பேருந்தில் வந்து சேர்ந்தார். ஆலைத் தலைவர் கேள்விக்குப் போகும் முன் எழுந்து நின்று, "புதன்கிழமை உங்களை அலைக்கழிக்கப் பார்த்தது நான்தான்" என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தவரைவிட இவரே தேவலை என்று 26ஆம் தேதி முடிவானது. வேலையில் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த வாரம் ஆலைத் தலைவரின் நாட்காட்டியை நானும் பார்க்கும்படி திறந்துவிடச் சொன்னேன். வெளியூரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால், அவர் கிளம்பும் நாளன்று காலை ஒன்பதரைக்கு அதைத் திறந்து, மறுநாள் பக்கத்தில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போவேன்.