தம்பியின் காலை நேரம்

ஜூன் 9

தம்பிக்கு இன்று வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோல் போட்டார்கள். ஒன்பது வயது, அறிவுசார் குறைபாடு உள்ள பையன். பெயர் வேண்டாம், தம்பி என்றே எழுதுகிறேன். நான் அவனுடைய சிறப்பாசிரியர்.

அன்றாட வேலைகளில் பிள்ளை எவ்வளவு தானாகச் செய்கிறான் என்று பார்க்கிற அளவுகோல் இது. பிள்ளையைக் கேள்வி கேட்டுப் பார்க்கிற சோதனை இல்லை. அவனை வளர்ப்பவரிடம் பேசித்தான் விவரம் வாங்க வேண்டும். மாலின் என்பவர் நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றியமைத்த வடிவத்தில் 89 செயல்கள் இருக்கின்றன. "முகம் தானா கழுவுவானா?" என்று சைக்காலஜிஸ்ட் கேட்டதும் அம்மா சட்டென்று, "கழுவுவான் மேடம்" என்றார். சைக்காலஜிஸ்ட் அதோடு விடவில்லை. "இன்னைக்குக் காலையில யாரு கழுவிவிட்டது?" "நான்தான்." இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். என்றாவது செய்துகாட்டுவது கணக்கில் வராது. அன்றாடம் வழக்கமாகச் செய்வதுதான் வரும். இதைத் துருவாமல் விட்டால், பாசத்தில் சொன்ன பதிலெல்லாம் மதிப்பெண்ணாகிவிடும்.

ஜூன் 11

சமூக வயது 4 வருடம் 6 மாதம் என்று வந்திருக்கிறது. மாதக் கணக்கில் 54. அவன் வயது 108 மாதம். 54-ஐ 108-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 50. இதுதான் அவனுடைய சமூக ஈவு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் விதிப்படி இந்த ஈவு 36 முதல் 54 வரை இருந்தால் குறைபாடு 75 சதவீதம் என்று போடுவார்கள்.

அப்பா அந்த 75-ஐப் பார்த்து உடைந்துபோனார். "அப்ப கால்வாசிதான் இருக்கா மிஸ்?" என்று கேட்டார். அப்படி இல்லை, அது உதவித்தொகைக்கும் சலுகைக்கும் அரசு வைத்திருக்கிற படிநிலை, அவன் எவ்வளவு கற்றுக்கொள்வான் என்பதற்கு அதில் பதில் இல்லை என்று நிதானமாகச் சொன்னேன். 50 என்பதும் எல்லாத் திறனையும் சேர்த்துப் பார்த்த ஒரே எண்தான். தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்வருகிறான், மற்ற பிள்ளைகளோடு கலந்து விளையாடுகிறான். அதிலெல்லாம் அவன் அந்த நாலரை வயதுக்கு மேலேயே இருக்கிறான். உடை அணிவதில் மூன்று வயதுப் பிள்ளை அளவு. இந்த மேடுபள்ளத்தை வைத்துத்தான் திட்டம் போட முடியும்.

ஜூன் 14

காலை ஆறரைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் பேசிக்-எம்.ஆர். என்கிற திறன் பட்டியல். இதில் ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்று குறிக்கலாம்: தானாகச் செய்தால் 5, சைகையோ குறிப்போ போதுமென்றால் 4, வாயால் சொல்ல வேண்டுமென்றால் 3, கைபிடித்துச் செய்ய வைத்தால் 2, முழுக்க நாமே செய்தால் 1.

இட்லியை அம்மா ஊட்டிவிட்டார். 1. பள்ளியில் மதியச் சோற்றை அவனே பிசைந்து சாப்பிடுகிறான், அங்கே 5. ஒரே பையன், ஒரே கை. ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும் என்பதுதான் வித்தியாசம். இது கற்றுக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை, நேரம் கொடுத்தால் போதும்.

பேண்ட் வேறு மாதிரி. நின்றபடியே காலை விடப் பார்க்கிறான், தடுமாறுகிறான், இரண்டு காலும் ஒரே குழாய்க்குள் போகிறது. பாட்டி ஓடிவந்து மாட்டிவிடுகிறார். இது உண்மையாகவே வராத திறன்.

ஜூன் 17

இரண்டே இலக்கு வைத்தோம். பள்ளிக்கூட வேலை எதையும் இப்போதைக்குச் சேர்க்கவில்லை.

சாப்பாட்டை உடுத்துவதற்கு முன்னால் வைத்துக்கொள்வது. சட்டையில் சிந்தினாலும் கவலையில்லை. பேண்டைக் கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுப்பது. முதலில் இடுப்புவரை நாம் ஏற்றிவிட, கடைசி இழுப்பு மட்டும் அவனுடையது. அது வந்ததும் முழங்காலிலிருந்து. அப்புறம் இரண்டாவது கால், முதல் கால். எந்தப் படியில் ஆரம்பித்தாலும் முடிப்பவன் அவன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் போட வேண்டும். கொக்கியும் ஜிப்பும் இப்போது வேண்டாம், டெய்லரிடம் இடுப்புக்கு எலாஸ்டிக் வைக்கச் சொன்னேன். பாட்டியிடம், "மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு அப்புறம் தொடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 4

அம்மா குறித்துவைத்த தாளைப் பார்த்தேன். சனி, ஞாயிறுகளில் முழங்காலிலிருந்து தானே இழுக்கிறான். திங்கள் வந்தால் மறுபடி 2. வராத திறனென்றால் ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்காது. கேட்டால், வேன் ஹாரன் அடித்ததும் யாராவது கைவைத்துவிடுகிறார்கள். அதனால் திட்டத்தில் மாற்றியது எழுப்பும் நேரத்தை மட்டும்: இருபது நிமிடம் முன்னால்.

ஜூலை 25

மறுபடி அந்தந்தச் செயலை மட்டும் பார்த்தோம். காலைச் சாப்பாடு வீட்டிலும் 5. பேண்ட் 4, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று விரலால் காட்ட வேண்டியிருக்கிறது. உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு தையல் போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதே வைன்லாந்தைத் திரும்பப் போட்டால் 50 ஏறுமா என்று அப்பா கேட்டார். இவ்வளவு சின்ன மாற்றம் அதில் தெரியாது, வயதும் கூடவே ஏறுகிறது என்றேன். அடுத்தது பல் துலக்குவது. பேஸ்ட் பிதுக்கும் அழுத்தம்தான் பிரச்சினை, திங்களன்று பள்ளிக்கு ட்யூபைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.