ஆகஸ்ட் 18-இல் சேர்ந்தவருக்கு எத்தனை நாள் ஈ.எல்.?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் எழுத்தராகச் சேர்ந்தது 2023 ஆகஸ்ட் 18. டிசம்பரில் நான்கு நாள் ஊருக்குப் போக விண்ணப்பம் எழுதியபோது, என் கணக்கில் ஈட்டிய விடுப்பு, அதாவது ஈ.எல்., 11 நாள் இருப்பதாகக் குறிப்பிட்டேன். ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் முடிய நாலரை மாதம், மாதத்துக்கு இரண்டரை நாள், ஆக 11.25. விடுப்புக் கணக்கு பார்க்கும் அண்ணன் அதை அடித்துவிட்டு 10 என்று எழுதினார். "ஆகஸ்ட்ட மறந்துடு தம்பி" என்பதோடு சரி. துறைத் தேர்வுக்காக 1972-ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகளைப் படித்தபோதுதான் அவர் சொன்னது விளங்கியது.

ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இருமுறை, தலா 15 நாள் ஈ.எல். முன்கூட்டியே வரவு வைக்கப்படும். நடுவில் சேர்ந்தவருக்கு, சேர்ந்த அந்த அரையாண்டில் அவர் பணியாற்றவிருக்கும் ஒவ்வொரு முழு நாட்காட்டி மாதத்துக்கும் இரண்டரை நாள். 'நாட்காட்டி மாதம்' என்பதுதான் சூட்சுமம். ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 17 வரை ஒரு மாதம் என்று நம் மனம் எண்ணும், விதி எண்ணாது. 1-ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை முழுசாக இருந்தால்தான் மாதம். எனவே எனக்கு செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் மட்டும். நான்கு மாதம், 10 நாள். ஆகஸ்ட் 2-இல் சேர்ந்திருந்தாலும் இதே 10தான். ஆகஸ்ட் 1 என்றால் 13.

அந்த 13 எப்படி வந்தது? ஐந்து மாதத்துக்குப் பன்னிரண்டரை. பின்னத்தை அருகிலுள்ள முழு நாளுக்கு மாற்ற வேண்டும், அரை நாள் மேலே போகும். தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்: மாதத்துக்கு இரண்டரையை முதலிலேயே மூன்றாக்கி, ஐந்தால் பெருக்கி 15 என்று எழுதிவிடுவார்கள். முதலில் பெருக்குங்கள், முழுமையாக்குவது கடைசியில், ஒரே ஒரு முறை. அரைச்சம்பள விடுப்புக்கும் இதே வழி, விகிதம் மட்டும் மாதத்துக்கு 5/3. எனக்கு நான்கு மாதத்துக்கு 6.67, அதாவது 7 நாள்.

தற்செயல் விடுப்பை இந்தக் கணக்கோடு கலக்காதீர்கள். அது ஆண்டுக்கு 8 நாள். விடுப்புக் கணக்கில் ஏறாது, அடுத்த ஆண்டுக்கும் போகாது. நடுவில் சேர்ந்தவருக்கு விகிதப்படி தருவதா, முழுவதும் தருவதா என்பது அனுமதிக்கும் அதிகாரியின் விருப்பம். கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது.

அடுத்த விண்ணப்பம் 2024 பிப்ரவரியில், தங்கை கல்யாணத்துக்கு. இந்தமுறை இருப்பை இப்படி அடுக்கினேன்: 2023-இன் வரவு 10, டிசம்பரில் எடுத்தது 4, மீதி 6. 2024 ஜனவரி 1 அன்று வரவு 15. ஆக இருப்பு 21. கேட்பது பிப்ரவரி 5 முதல் 14 வரை 10 நாள், அனுமதித்த பின் மீதி 11. இடையில் வரும் 10, 11 தேதிகள் சனி, ஞாயிறு. ஈ.எல்.லுக்கு நடுவே வரும் விடுமுறையும் விடுப்பாகவே கழியும் என்பதால்தான் 8 அல்ல, 10. முன்னால் வரும் சனி, ஞாயிறான 3, 4 தேதிகளை விண்ணப்பத்தில் முன்னிணைப்பாகக் காட்டினால் அவை கழியாது. முன்னிணைப்புக்கான கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டுப் பிறகு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படிவம் 1-இல் இருப்பை நாம் எழுதத் தனிக் கட்டம் கிடையாது. விடுப்பு அனுமதிக்கத்தக்கதா என்று சான்று தருவது அலுவலகத்தின் வேலை. ஆகவே இருப்பை உடன் வைக்கும் கடிதத்தில் ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுவேன்: "01.01.2024 அன்றைய வரவையும் சேர்த்து என் கணக்கில் ஈட்டிய விடுப்பு 21 நாள் உள்ளது. இப்போது கோரும் 10 நாள் போக 11 நாள் மீதமிருக்கும்." தேதி இல்லாத இருப்பு சந்தேகத்தையே கிளப்பும். டிசம்பர் 28-இல் விண்ணப்பிப்பவர் ஜனவரி வரவையும் சேர்த்து 21 என்று எழுதினால், அன்றைய கணக்கில் இருப்பது என்னவோ 6தான். விடுப்பு ஜனவரிக்குப் பிறகு என்றால் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

தேர்வில் இன்னொரு கொக்கி உண்டு: முந்தைய அரையாண்டில் சம்பளமில்லா அசாதாரண விடுப்பு எடுத்திருந்தால், அதில் பத்தில் ஒரு பங்கு அடுத்த வரவில் குறையும். அந்த டிசம்பரில் நான் 20 நாள் அப்படி எடுத்திருந்தால் ஜனவரியில் 15-க்குப் பதில் 13தான் ஏறியிருக்கும். மீதி 6 குறையாது. கேள்வியில் அந்த ஒரு வரி நடுவே ஒளிந்திருக்கும். நான் கூட்டலைத் தொடங்குமுன் அதைத்தான் முதலில் தேடி அடிக்கோடிடுவேன்.