கண் சின்னதாகிவிட்டதாம்

ஹட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் படம் பிடிக்கிறேன். அடையாள அட்டைப் படத்தில் சிரிப்புக்கு வேலையே இல்லை. கல்யாணப் பேச்சுக்குக் கொடுக்கிற படத்தில்தான் சிக்கல்.

போன மாதம் ஒரு தாயும் மகளும் தோட்டத்திலிருந்து வந்தார்கள். “சிரிங்க தங்கச்சி” என்றேன். சட்டென்று சிரித்தாள். நான் லைட்டைத் திருப்பி, அதன் குடையைச் சரிசெய்து முடிக்கும்வரை அதே சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தாள். படத்தில் பல் வரிசை அழகு. ஆனால் வாயைக் கையால் மறைத்துப் பார்த்தால், மேலே பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற கண்கள்.

1862இலேயே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதிவிட்டார். முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தவர் அவர். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை மனம் மகிழ்ந்தால்தான் அசையும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. கண்ணையும் சேர்த்து நடிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாயை அகலமாக விரித்தாலே கன்னம் ஏறி, கண்ணோரம் சுருங்கிவிடும். அதனால் சுருக்கத்தை மட்டும் நான் நம்புவதில்லை, வேகத்தையும் பார்க்கிறேன். உண்மைச் சிரிப்பு மெதுவாகப் பரவி, சில விநாடி நின்று, மெதுவாக இறங்கும். பொய்ச் சிரிப்பு சுவிட்சுப் போட்ட மாதிரி வந்து, அணைத்த மாதிரி போய்விடும். மெதுவாக விரிகிற சிரிப்புள்ள முகத்தைத்தான் பார்ப்பவர்கள் அழகென்றும் நம்பலாமென்றும் சொல்வார்கள். ‘இவளோடு பேசலாம்’ என்று தோன்றுவதும் அழகில் சேர்ந்துவிடுகிறது.

அப்படியென்றால் வலிந்த சிரிப்பு கெடுத்துவிடுமா? எப்போதும் இல்லை. கடைக்காரர் மரியாதைக்குச் சிரிப்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. நேரம் கடந்தும் நிற்கிற சிரிப்புதான் உதைக்கும். எதையோ மறைக்கிறாள் என்று தோன்ற வைக்கும். அப்படிப் பார்த்தால் அன்றைக்குப் பாதித் தப்பு என்னுடையது. லைட்டைச் சரிசெய்த பிறகல்லவா சிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும்?

சரி என்று கெமராவைக் கீழே இறக்கி, “வீட்டுல யாரு அம்மா சமையல்ல குறை சொல்றது?” என்று சும்மா கேட்டேன். தாய் மகளைக் கைகாட்டினார். “உப்புப் போட மறந்தா சொல்லத்தானே வேணும்!” என்று அவள் தொடங்க, உதடு சிரிப்பாக விரியுமுன்னே கீழிமை கொஞ்சம் ஏறியது. அழுத்திவிட்டேன்.

இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தாய் இரண்டாவதைப் பார்த்து முகம் சுளித்தார்.

“கண்ணு சின்னதாயிருச்சே தம்பி. முதல் படத்துல நல்லா பெருசா இருக்கே.”

உண்மையாகச் சிரித்தால் கண் சுருங்கத்தான் செய்யும். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முதல் படத்தைத்தான் பிரிண்ட் போட்டேன். காசு கொடுக்கத் தாய் திரும்பிய நேரம், மகள் மெதுவாக, “அண்ணே, ரெண்டாவதை என் போனுக்கு அனுப்பிருங்க” என்றாள்.