பளிங்குச் சில்லின் அளவும் வினைவேகமும்: நிறை இழப்பை அளந்து பார்த்தது

ஒரே பளிங்குக் கல்லை உடைத்துச் சலித்து, ஏறத்தாழ 9 மி.மீ. பருமனுள்ள பெரிய சில்லுகளையும் 3 மி.மீ. பருமனுள்ள சிறிய சில்லுகளையும் தனித்தனியே 20 கிராம் எடுத்துக்கொண்டேன். ஒட்டியிருக்கும் தூள் தொடக்க வேகத்தைப் பொய்யாக உயர்த்திவிடும் என்பதால், இரண்டையும் நீரில் அலசி உலர்த்தினேன். ஒவ்வொன்றுக்கும் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 40 மி.லி. ஊற்றினேன். இந்த அமிலம் 4 கிராம் கல்லைத்தான் கரைக்கும். எனவே பரப்பு பெரிதாகக் குறையாது, இரு குடுவைகளிலும் இறுதி நிறை இழப்பு 1.76 கிராமை ஒட்டியே அமைய வேண்டும். வெளியேறி இந்த இழப்பைத் தரும் கார்பன் டை ஆக்சைடு வாயுவோ 900 மி.லி.க்கு மேல், 100 மி.லி. வாயு ஊசிக்குழாய் இதைத் தாங்காது என்பதால் தராசையே நம்பினேன்.

சில்லுகள் உள்ள கூம்புக் குடுவை, பஞ்சு, அமிலம் நிரம்பிய அளவுசாடி ஆகிய மூன்றையும் முதலில் 0.01 கிராம் நுட்பமுள்ள தராசின் மேல் ஒன்றாக வைத்து நிறையைக் குறித்துக்கொண்டேன். அமிலத்தை ஊற்றியதும் கடிகாரத்தை ஓடவிட்டு, பஞ்சைக் குடுவையின் வாயில் தளர்வாகச் செருகி, வெற்றுச் சாடியையும் தட்டிலேயே திருப்பி வைத்ததால், ஊற்றும் நேரத்தில் வெளியேறிய வாயுவும் கணக்கில் வந்துவிட்டது. பஞ்சு வாயுவை விடும், தெறிக்கும் அமிலத்துளிகளைத் தடுக்கும். அது இல்லாவிட்டால் சிறிய சில்லுகளின் இழப்பு கூடுதலாகத் தெரியும், இறுதி இழப்பே 1.76 கிராமைத் தாண்டிவிடுவதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம்.

முதல் 30 வினாடியில் பெரிய சில்லுகள் 0.20 கிராமும் சிறியவை 0.53 கிராமும் இழந்தன. விகிதம் சுமார் 2.6. ஒரே நிறைக்குப் புறப்பரப்பு பருமனுக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பதால் நான் எதிர்பார்த்தது 3. குறைவுக்குக் காரணம் கல்லில் இல்லை, ஒப்பிடும் முறையில் இருக்கிறது: அந்த 30 வினாடிக்குள் சிறிய சில்லுகள் தங்கள் அமிலத்தில் கணிசமான பங்கைத் தீர்த்துவிடுகின்றன, ஆகவே அவற்றின் சராசரி வேகம் நீர்த்துப்போன அமிலத்தில் அளக்கப்படுகிறது. இதைத் தவிர்க்க, ஒரே நேரத்தில் எவ்வளவு இழப்பு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே இழப்புக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். இழப்பு 0.20 கிராமிலிருந்து 1.00 கிராமுக்கு ஏறுவதற்குள் இரு குடுவைகளிலும் அமிலச்செறிவு ஒரே மதிப்புகளின் வழியாகவே இறங்குகிறது. பெரியவற்றுக்கு 166 வினாடியும் சிறியவற்றுக்கு 57 வினாடியும் ஆயின, விகிதம் 2.9. தொடக்கத்தில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு நீரிலேயே கரைந்து தங்கிவிடுகிறது, 0.20 கிராமுக்குப் பிறகே நேரத்தை எண்ணத் தொடங்கியதால் அதன் பாதிப்பும் பெருமளவு விலகியது.

பளிங்குத் தூளுக்கு இம்முறை ஒத்துவரவில்லை. நுரை குடுவையின் கழுத்துவரை பொங்குகிறது, தராசின் எண் நிலைகொள்வதற்குள் வினை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கு அமிலத்தை நன்றாக நீர்த்து, கல்லையும் குறைத்து, மொத்த வாயு 100 மி.லி.க்குள் அடங்கும்படி ஊசிக்குழாயில் அளப்பதே பொருத்தம்.